முட்டையில்லாக் கேக் ஏன் குழிகிறது, ஒட்டுகிறது, உதிர்கிறது: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மூன்று சின்னக் கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முட்டையின் வெள்ளைக்கரு, இன்னொன்றில் ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்த கொழகொழப்பு, மூன்றாவதில் கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். மூன்றையும் வெந்நீருக்குள் இறக்கி மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். (வீட்டில் முட்டை ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் முதல் கிண்ணத்தை மனதுக்குள் வைத்துப் பார்த்தால் போதும்.)

வெள்ளைக்கரு கெட்டியாகி, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். ஆளிவிதைக் கலவை சூட்டில் கொஞ்சம் இளகியிருக்கும், ஆறினால் பழையபடி கொழகொழவென்று ஆகும். கடலைத் தண்ணீர் வெறும் சுடுதண்ணீராகத்தான் இருக்கும்.

முட்டையில்லாக் கேக்கில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தடிக்கத் தொடங்கி, 80 டிகிரி வாக்கில் நன்றாக இறுகிவிடும். மஞ்சள்கரு 65–70 டிகிரியில் கெட்டியாகும். ஓவனுக்குள் கேக் உப்பிக்கொண்டிருக்கும்போது காற்றுக்குமிழ்களைச் சுற்றி இந்தப் புரதம் இறுகி, உப்பிய உயரத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஆளிவிதையோ கடலைத் தண்ணீரோ அந்த வேலையைச் செய்வதில்லை. “ஒரு முட்டைக்குப் பதில் இது” என்று எழுதியிருந்தாலும், அது முட்டையின் வேறு ஏதோ ஒரு வேலைக்குத்தான் பதில்.

ஆளிவிதையின் தோலில் நீரில் கரையும் பசைச் சர்க்கரைகள் இருக்கின்றன. வெண்டைக்காயின் கொழகொழப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாவுக்கலவையைத் தடிக்க வைக்கும், குமிழ்கள் சட்டென்று மேலே ஏறி ஓடிவிடாமல் தடுக்கும், வெந்த கேக்கின் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஆனால் நுரைக்காது, சூட்டில் இறுகாது.

கடலைத் தண்ணீரின் கதை வேறு. கடலை வேகும்போது கொஞ்சம் புரதமும், மாவுச்சத்தும், சப்போனின் என்ற பொருளும் தண்ணீரில் இறங்குகின்றன. பூந்திக்கொட்டை நுரைப்பதும் சப்போனினால்தான். ஆகவே இந்தத் தண்ணீர் அழகாக நுரைக்கும், எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்கவும் உதவும். ஆனால் இதில் இருக்கும் புரதம் மிகக் குறைவு. வெள்ளைக்கருவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு புரதம் என்றால், இதில் ஒன்று ஒன்றரைப் பங்கு இருந்தாலே அதிகம். நுரையை எழுப்ப அது போதும், இறுகவைக்கப் போதாது.

சரி, அப்படியானால் முட்டையில்லாக் கேக்கை நிமிர்த்திப் பிடிப்பது எது? மைதாதான். அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வெந்து கெட்டியாவதும், அதன் குளூட்டன் என்ற புரத வலையும்தான் முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கோளாறுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே புரியும்.

முதலில் ஓர் உதாரணக் கேக்

எல்லாக் கோளாறுகளையும் ஒரே கேக்கை வைத்துப் பேசினால் எளிது. 7 அங்குல வட்ட டின்னுக்கான சாதாரண வெனிலா கேக்கை எடுத்துக்கொள்வோம். முட்டையோடு செய்யும்போது மைதா 180 கிராம், சர்க்கரை 180 கிராம், எண்ணெய் 75 மி.லி., பால் 100 மி.லி., முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி.

இதிலிருந்து முட்டையை எடுக்கும்போது பலரும் செய்வது, இரண்டு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை ஆறு மேசைக்கரண்டித் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவது. கேக் வரும், ஆனால் நடுவில் குழிந்து, அடியில் களிபோல் வரும். நான் மாற்றுவது இப்படி:

மைதா அதே 180 கிராம். சர்க்கரை 150 கிராமாகக் குறைகிறது. இரண்டு மஞ்சள்கருவில் பத்து கிராம் வாக்கில் கொழுப்பு இருக்கும், அதற்கு ஈடாக எண்ணெய் 85 மி.லி. ஆளிவிதைப் பொடி ஒரே ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏழு கிராம், 45 மி.லி. தண்ணீரில். மீதி ஈரத்துக்கு இனிப்பில்லாத சோயாப் பால் 160 மி.லி. பேக்கிங் பவுடர் அதே ஒன்றரைத் தேக்கரண்டி. கூடவே சமையல் சோடா கால் தேக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி.

இரண்டு முட்டைக்கு ஏன் ஒரு கரண்டி ஆளிவிதை மட்டும்? ஒட்டவைப்பதற்கு இந்த அளவு மாவுக்கு அதுவே போதும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கரண்டியும் பிசுபிசுப்பைத்தான் கூட்டும். இரண்டாவது முட்டையின் இடத்தைச் சோயாப் பாலே பிடித்துக்கொள்கிறது. தாவரப் பால்களில் சோயாவில்தான் புரதம் அதிகம், சூட்டிலும் புளிப்பிலும் அது ஓரளவு திரளும். சோயா ஒவ்வாமை இருந்தால் ஓட்ஸ் பாலோ தேங்காய்ப்பாலோ ஊற்றலாம், கேக் கொஞ்சம் மென்மையாக, கொஞ்சம் பலவீனமாக வரும், அவ்வளவுதான். வீகன் தேவையில்லை, முட்டை மட்டும் ஆகாது என்பவர்களுக்கு இந்தச் சோயாப் பால், வினிகர் இரண்டின் இடத்திலும் கெட்டித் தயிரைக் கொஞ்சம் பாலில் கரைத்து, மொத்தம் 175 மி.லி. அளவுக்கு ஊற்றினால் போதும். நம் ஊர் பேக்கரிகளின் முட்டையில்லாக் கேக்குகள் பலவும் தயிரையோ கண்டென்ஸ்டு மில்க்கையோ நம்பித்தான் நிற்கின்றன, ஆளிவிதையை அல்ல.

ஓவனை முன்பே 170 டிகிரிக்குச் சூடாக்கி, டின்னில் எண்ணெய் தடவித் தாள் போட்டுத் தயாராக வைத்த பிறகுதான் ஈரத்தையும் மாவையும் கலக்க வேண்டும். 35–40 நிமிடம் வேகும்.

நடு குழிந்துவிட்டது

எப்போது குழிந்தது என்பதுதான் முதல் கேள்வி. ஓவனுக்குள் இருக்கும்போதே உயர உப்பிப் பிறகு இறங்கியதா, அல்லது வெளியே எடுத்து வைத்த பிறகு மெல்ல உட்கார்ந்ததா? கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்காமல் விட்டிருந்தாலும் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழியின் கீழே பெரிய பெரிய ஓட்டைகள், வெந்த இடமெல்லாம் சொரசொரப்பு என்றால் உப்பவைக்கும் பொருள் அதிகம். முட்டை இல்லை என்பதால் பயந்து பேக்கிங் பவுடரைக் கூட்டிப் போட்டிருப்பீர்கள். வாயு வேகமாகக் கிளம்பி, குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மாவுச்சத்து இறுகுவதற்குள் உடைந்துவிட்டன. தூக்கிப் பிடிக்க ஆள் குறைந்த இடத்தில் சுமையைக் கூட்டிய கதைதான் இது. 180 கிராம் மாவுக்கு மேலே சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

குழியின் கீழே ஓட்டை இல்லாமல் ஈரமான, அடர்த்தியான கோடு ஒன்று ஓடினால் அந்த இடம் வேகவே இல்லை என்று அர்த்தம். சூட்டில் வாயு விரிந்து தாங்கிக்கொண்டிருந்தது, வெளியே வந்து குளிர்ந்ததும் தாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிட்டது. இதற்குப் பெரும்பாலும் சர்க்கரைதான் காரணம், யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. மைதாவின் மாவுச்சத்து வெறும் தண்ணீரில் 60 டிகிரி வாக்கிலேயே கெட்டியாகத் தொடங்கும். சர்க்கரை அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், கேக் கலவையில் அது 80 டிகிரிக்கு மேல்தான் நடக்கும். முட்டை இருந்தால் அந்த இடைவெளியை அது நிரப்பிவிடும். முட்டை இல்லாத இடத்தில் சர்க்கரை கூடக் கூட, கேக் நின்று பிடிக்கும் நேரம் தள்ளிப்போகும். மாவின் எடையை விடச் சர்க்கரையின் எடை கூடவே கூடாது, முடிந்தால் ஆறில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கட்டும். நாட்டுச்சர்க்கரை போட்டாலும் கணக்கு இதேதான்.

இன்னொரு காரணம் டின். ஆழமான சின்ன டின்னில் ஓரம் வெந்து முடிந்த பிறகும் நடு கூழாகவே இருக்கும். முட்டையில்லாக் கேக்கை உயரமாக ஒரே டின்னில் வேகவைப்பதை விட, அகலமான இரண்டு டின்களில் மெல்லிதாக வேகவைத்து அடுக்குவது எவ்வளவோ பாதுகாப்பானது. பிறந்தநாளுக்கு உயரமான கேக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

கலவை காத்திருந்தாலும் குழியும். வினிகரும் சோடாவும் சேர்ந்த நொடியிலிருந்து வாயு வெளியேறத் தொடங்கிவிடும். ஓவன் சூடாகட்டும் என்று கால் மணி நேரம் கலவையை மேடையில் வைத்திருந்தால், உப்ப வேண்டிய வாயுவில் நல்ல பங்கு அங்கேயே போய்விடும்.

வெந்தது போலத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே பசை

குச்சியை விட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட சுத்தமாக வருகிறது. மேலே நல்ல பழுப்பு நிறம். வெட்டினால் கத்தியில் ஒட்டுகிறது, வாயில் வைத்தால் மேல் அண்ணத்தில் ஒட்டுகிறது. ஆளிவிதை கேக்கின் தனி அடையாளம் இது.

முதலில் எப்போது வெட்டினீர்கள் என்று பாருங்கள். முட்டைக் கேக் ஓவனிலிருந்து வரும்போதே ஓரளவு இறுகியிருக்கும். மாவுச்சத்தை நம்பி நிற்கும் கேக், ஆறும்போதுதான் உறுதியாகிறது. சூடாக வெட்டினால் நன்றாக வெந்த கேக்கும் பசையாகத்தான் இருக்கும். டின்னில் பதினைந்து நிமிடம், பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுதாக ஆறும்வரை. இரண்டு மணி நேரம் கழித்து மீதியை வெட்டிப் பாருங்கள். பசை போயிருந்தால் கோளாறு கேக்கில் இல்லை.

ஆறிய பிறகும் பசை என்றால் ஆளிவிதையின் அளவைப் பாருங்கள். அந்தக் கொழகொழப்பு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேனே, அந்தத் தண்ணீர் வெந்த பிறகும் கேக்குக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இன்னும் பத்து நிமிடம் வேகவைத்தால் சரியாகும் என்று நினைத்தால் ஓரம் காய்ந்து போகும், நடு அப்படியேதான் இருக்கும். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அல்ல. குவித்த ஒரு கரண்டியில் ஒன்றரைக் கரண்டிப் பொடி சர்வசாதாரணமாக ஏறிவிடும். எடை பார்க்கும் தராசு இருந்தால் ஏழு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பசை கேக் முழுக்க இல்லாமல் அடியில் மட்டும் ஒரு விரற்கடை அடுக்காகப் படிந்திருந்தால் காரணம் வேறு. ஆளிவிதை சரியாக ஊறவில்லை. பொடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிய உடனே பார்த்தால், பொடி தனியாக அடியில் நிற்கும், மேலே தண்ணீர் ஓடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடத் தொடங்கும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் ஒரு நூலாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். அப்போதும் நூல் விழவில்லையென்றால் பொடி கரகரப்பாக இருக்கிறது. முழு விதையைப் போட்டு ஊறவைப்பது இன்னும் மோசம், கொழகொழப்பு கொஞ்சம்தான் வெளியே வரும், மீதி பல்லிடுக்கில்தான் போகும். மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டி நைசாக அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, எண்ணெய் விட்டு, பிளேடைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும்.

கலவையை அதிக நேரம் அடித்திருந்தாலும் பசையும் ரப்பர் தன்மையும் வரும். முட்டைக் கேக்கை எலெக்ட்ரிக் பீட்டரால் அடித்துப் பழகிய கை, இங்கேயும் அப்படியே அடிக்கும். காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் நிறுத்துங்கள், சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. கேக்கை வெட்டும்போது கீழிருந்து மேலாகப் புழு குடைந்தது போல நீளமான ஓட்டைகள் இருந்தால் அதிகம் அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வெட்டினால் உதிர்கிறது

இது முந்தையதற்கு நேர் எதிர். ஒட்டவைக்கும் பொருள் போதவில்லை. வினிகர் சோடா மட்டும் போட்டு, ஆளிவிதை எதுவும் இல்லாமல் செய்யும் கேக் அன்றைக்கு மென்மையாக இருக்கும், மறுநாள் துண்டு போட்டால் பொலபொலவென்று உதிரும். ஆளிவிதைக்கு உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான். அந்த ஒரு மேசைக்கரண்டியைச் சேர்த்துப் பாருங்கள், மறுநாளும் துண்டு முழுசாக நிற்கும்.

மைதாவுக்குப் பதில் ராகி, கம்பு, சோளம் போன்ற மாவில் செய்திருந்தால் உதிர்வதற்குக் காரணம் தேடவே வேண்டாம். முட்டையும் இல்லை, குளூட்டனும் இல்லை. இரண்டு தூணையும் எடுத்துவிட்டு ஆளிவிதையை மட்டும் நம்பினால் நிற்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் உமியை ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலவையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பேக்கிங் பவுடரைக் கடைசியில் போடுங்கள். கேக்கைப் பெரிய டின்னில் வேகவைக்காமல் கப்கேக்காக வேகவைத்தால் வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

கடலைத் தண்ணீர் நுரைக்கவில்லை, அல்லது நுரைத்தும் கேக் தட்டை

வெளிநாட்டுச் சமையல் காணொளிகளில் டப்பாவைத் திறந்து, கடலையை வடிகட்டி, அந்த நீரை அப்படியே பீட்டரில் அடிப்பார்கள். 2014-இல் ஷோயல் ரோசல் என்ற பிரெஞ்சுக்காரர், பயறு டப்பாத் தண்ணீர் முட்டை போல நுரைப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கூஸ் வோல்ட் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். டப்பாவில் கடலை அதே நீரில் மாதக்கணக்கில் ஊறிக் கிடப்பதால் நீர் கெட்டியாக இருக்கும். நாம் குக்கரில் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்த நீர் அப்படி இருக்காது. நுரைக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கும் கோளாறு இதுதான்.

வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராமை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரைக் கடலைக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். உப்போ சோடாவோ வேண்டாம். ஐந்தாறு விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்துக் கால் மணி நேரம். ஆறியதும் கடலையோடு சேர்த்தே ஃப்ரிட்ஜில் இரவு வைத்து, மறுநாள் வடிகட்டுங்கள். நீர் விரலிடையில் கொஞ்சம் வழவழப்பாக, முட்டை வெள்ளைக்கருவின் பதத்தில் இருந்தால் அப்படியே அடிக்கலாம். தண்ணீர் போல ஓடினால் அகலமான வாணலியில் சிறு தீயில் சுண்டவையுங்கள். சூடாக இருக்கும்போது பதம் தெரியாது. ஒரு கரண்டி எடுத்துச் சில்லிடவைத்துப் பாருங்கள். மீந்ததை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம். கறுப்புக் கடலை நீரும் நுரைக்கும், ஆனால் நிறம் கேக்கில் இறங்கும். சாக்லேட் கேக் என்றால் கவலையில்லை.

பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணத்தை எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு முழுதாகப் போகாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து, உட்புறம் எலுமிச்சைத் தோலால் ஒருமுறை தேய்த்து, பிறகு அடியுங்கள். ஆறு மேசைக்கரண்டி நீருக்குக் கால் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. முட்டையை விட நேரம் கூட ஆகும். நடுவே நிறுத்தி, நுரைக்குக் கீழே நீர் தங்கியிருந்தால் கவலைப்படாமல் மறுபடி அடிக்கலாம். வெள்ளைக்கருவை அதிகம் அடித்தால் திரிந்து போகும், கடலைத் தண்ணீருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

இதுவரை வந்துவிட்டால் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று, பார்க்க முட்டை நுரை போலவே நிற்கும். இங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. அதை மாவில் மடித்துக் கலந்து ஓவனில் வைத்தால், கேக் மேலே உப்பி, அடியில் ஈரமான அடர்ந்த அடுக்கோடு வரும். சில சமயம் மேல்தோலுக்கும் உள்பகுதிக்கும் நடுவே ஒரு பொந்தும் விழும். முட்டை நுரையின் சுவர் சூட்டில் இறுகும். இந்த நுரையின் சுவர் சூட்டில் மெலிந்து, நீர் கீழே வடிந்து, குமிழ்கள் ஒன்றாகி மேலே ஏறிவிடுகின்றன. கலவையில் எண்ணெய் இருப்பதால் மடிக்கும்போதே பாதி நுரை அடங்கியும் போகிறது.

நுரையை மட்டும் நம்பி எழும்பும் கேக்குகளை, அதாவது வெள்ளைக்கருவில் செய்யும் ஏஞ்சல் கேக், ஷிஃபான், பேக்கிங் பவுடர் இல்லாத ஸ்பாஞ்ச் ஆகியவற்றைக் கடலைத் தண்ணீரில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு முட்டைக் கேக்கை மாற்றப் பார்ப்பதை விட, ஆரம்பத்திலிருந்தே முட்டையில்லாமல் எழுதப்பட்ட வேறு கேக்கைச் செய்வது மேல். கடலைத் தண்ணீரில் மெரிங் வருகிறதே என்பீர்கள். வருகிறது. அது இறுகி நிற்பதில்லை, 100 டிகிரி வாக்கில் இரண்டு மணி நேரம் காய்ந்து நிற்கிறது. நிற்கவைப்பது அதிலுள்ள சர்க்கரை. சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஓவனிலிருந்து எடுத்ததும் டப்பாவில் அடைக்காவிட்டால் அதுவும் இளகிவிடும்.

அப்படியானால் கேக்கில் இதற்கு என்ன பயன்? நம் உதாரணக் கேக்கில் 160 மி.லி. சோயாப் பாலில் 45 மி.லி.யைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று மேசைக்கரண்டிக் கடலைத் தண்ணீரை லேசாக, சோப்பு நுரை அளவுக்கு மட்டும் அடித்து ஊற்றுங்கள். முழுக்க விறைப்பாக அடிக்கத் தேவையில்லை. எண்ணெயோடு இது நன்றாகக் கலந்துகொள்ளும், குமிழ்கள் சின்னதாகவும் சீராகவும் இருக்கும். உப்பவைக்கும் வேலை பேக்கிங் பவுடருடையது, தாங்கும் வேலை மைதாவுடையது, இது நைசாக்குகிறது. வெட்டிய முகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆளிவிதையின் பழுப்புப் புள்ளி இல்லாத வெள்ளைக் கேக் வேண்டும் என்பவர்கள் ஆளிவிதையை விட்டுவிட்டு, பாலைக் குறைக்காமல் இதை மட்டும் சேர்க்கலாம். கொஞ்சம் உதிரும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நிறம், மணம், ருசிக் கோளாறுகள்

மேலே வெளிறிப்போய் இருப்பது முட்டையின் புரதம் இல்லாததால். சோயாப் பால் ஓரளவு நிறம் தரும். கடைசி ஐந்து நிமிடம் ஓவனின் மேல் கம்பியை மட்டும் எரியவிடலாம்.

மீன் வாடை அல்லது பழைய பெயிண்ட் வாடை அடித்தால் ஆளிவிதை கெட்டுவிட்டது. இந்த விதையின் எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கடிக்கும், பொடியாகக் கடையில் வாங்கியது இன்னும் சீக்கிரம். முழு விதையை வாங்கி, வேண்டியபோது அரைத்து, மீந்ததை ஃப்ரீசரில் வையுங்கள். பொடியை நாக்கில் வைத்தால் கசக்கக் கூடாது.

சோப்புச் சுவையும் நாக்கில் ஒரு கரிப்பும் வந்தால் சோடா மிஞ்சிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி வினிகருக்குக் கால் தேக்கரண்டி சோடாதான் ஏறக்குறையச் சரியான இணை. அரைக் கரண்டி போட்டால் மீதி சோடா கேக்கிலேயே தங்கும்.

கேக் நன்றாக வந்தது, சாப்பிட்டவருக்கு உதடு தடிக்கிறது

மூச்சு இரைப்பு, தொண்டை இறுக்கம், தொடர் வாந்தி, மயக்கம் என்றால் காரணம் தேடும் நேரம் அது அல்ல. மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால் அதைப் போட்டு, 108-ஐ அழையுங்கள் அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறகு காரணத்தைத் தேடும்போது முட்டையை மட்டும் நினைக்காதீர்கள். கொண்டைக்கடலை பயறு வகை, அதுவே சிலருக்கு ஒவ்வாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு மற்றப் பயறுகளும் சேராது. கடலைத் தண்ணீரில் கடலையின் புரதம் இறங்கியிருக்கிறது, வெறும் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. சோயாவும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளதுதான், ஆளிவிதைக்கும் அரிதாக ஒவ்வாமை உண்டு. கேக் கொடுக்கும்போது “முட்டை இல்லை” என்று மட்டும் சொல்லாமல், என்ன போட்டிருக்கிறது என்று முழுதாக எழுதிக் கொடுங்கள்.

கடையில் வாங்கிய பொருட்களையும் பாருங்கள். இந்திய விதிப்படி முட்டை சேர்த்த பொட்டல உணவுக்குப் பச்சை அடையாளம் கிடையாது. ஆகவே பச்சை அடையாளம் இருந்தால் முட்டை ஒரு சேர்மானமாகப் போடப்படவில்லை. ஆனால் பாலும் தேனும் இருக்கலாம், வீகன்களுக்கு அது போதாது. அவர்கள் 2022-இல் வந்த வீகன் உணவு விதிகளின்படி அச்சிடப்படும் தனி முத்திரையைத் தேட வேண்டும். அதே ஆலையில் முட்டைப் பொருளும் தயாராகிறதா என்பதைப் பச்சை அடையாளம் சொல்லாது, ஒவ்வாமை எச்சரிக்கை வரியில்தான் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே அட்டை டப்பாவில் முட்டை மாற்று என்று விற்கும் திரவங்களில் சில, கொலஸ்ட்ராலுக்குப் பயந்தவர்களுக்காக வெறும் வெள்ளைக்கருவில் செய்தவை.

முட்டைக் கேக்கும் செய்யும் வீடு என்றால் பீட்டரின் கம்பிகள், சிலிக்கான் கரண்டி, டின்னின் மடிப்பு ஆகிய மூன்றிலும்தான் முட்டை ஒட்டிக் கிடக்கும். கொதிநீரில் இறுகிவிடும் என்பதால் முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேயுங்கள். “வெந்த கேக்கில் இருக்கும் முட்டை ஒன்றும் செய்யாது” என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார்கள். சில குழந்தைகளுக்கு அது உண்மைதான், ஆனால் எந்தக் குழந்தைக்கு என்பதை மருத்துவர் தன் கண்முன்னே கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், பிறந்தநாள் விருந்தில் அல்ல.